ஒன்றைவிடப் பெரிய மைனஸ் ஒன்று

மைனஸ் ஒன்று பெரியதா, ஒன்று பெரியதா? ஆறாம் வகுப்பு மாணவர்கூட யோசிக்காமல் விடை சொல்லிவிடுவார். சி மொழியிடம் இதே கேள்வியைக் கேட்டால், அந்த எண்களை எந்த வகையில் எழுதி வைத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும். கீழே உள்ள சிறிய புரோகிராமைப் பாருங்கள்.

```c
#include <stdio.h>

int main(void)
{
    int a = -1;
    unsigned int b = 1;

    if (a > b)
        printf("-1 > 1\n");
    else
        printf("-1 <= 1\n");
    return 0;
}
```

இதை ஓட்டினால் திரையில் வருவது `-1 > 1`. கம்ப்யூட்டரில் கோளாறு எதுவும் இல்லை. கம்பைலரிலும் பிழை இல்லை. சி மொழியின் விதிப்படி இந்த விடைதான் சரி. `gcc` கம்பைலரில் வழக்கமாகப் போடும் `-Wall` என்ற எச்சரிக்கைக் குறியைச் சேர்த்துத் தொகுத்தாலும் ஒரு முணுமுணுப்புகூட வராது. புதிதாக சி படிப்பவர்களைக் குழப்பும் இந்த விடை, பல ஆண்டுகள் அனுபவம் உள்ளவர்கள் எழுதிய இயங்குதளங்களுக்குள்ளும் ஓட்டை போட்டிருக்கிறது.

விளங்கிக்கொள்ள, எண்கள் நினைவகத்தில் எப்படிக் கிடக்கின்றன என்பதிலிருந்து தொடங்க வேண்டும். இன்றைய கணினிகளில் `int` என்பது பெரும்பாலும் 32 பிட். அந்த 32 இடங்களிலும் பூஜ்ஜியமோ ஒன்றோ மட்டுமே இருக்க முடியும். கழித்தல் குறிக்கென்று தனி எழுத்து கிடையாது. பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் மீட்டர் 00000 காட்டும்போது அதை ஒரு கிலோமீட்டர் பின்னோக்கிச் சுழற்றினால் 99999 வரும் அல்லவா? மைனஸ் ஒன்றும் அப்படித்தான் பிறக்கிறது. 32 பூஜ்ஜியங்களிலிருந்து ஒன்றைக் கழித்தால் 32 இடங்களும் ஒன்றாகிவிடும். அந்த 32 ஒன்றுகளைத்தான் கணினி மைனஸ் ஒன்று என்று வைத்துக்கொள்கிறது.

ஆனால் அதே 32 ஒன்றுகளை வேறு விதமாகவும் படிக்கலாம். கழித்தல் எண்களே வேண்டாம், பூஜ்ஜியமும் அதற்கு மேலும் போதும் என்று முடிவு செய்தால், 32 ஒன்றுகளின் மதிப்பு 4294967295. 32 பிட்டில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் அது. முதல் வகைக்கு சைன்டு, அதாவது குறியுள்ள எண், என்று பெயர். அது ஏறக்குறைய மைனஸ் 214 கோடியிலிருந்து பிளஸ் 214 கோடி வரை போகும். இரண்டாவது வகைக்கு அன்சைன்டு, குறியற்ற எண். பூஜ்ஜியத்திலிருந்து ஏறக்குறைய 429 கோடி வரை. நினைவகத்தைத் திறந்து பார்த்தால் மைனஸ் ஒன்றுக்கும் 4294967295-க்கும் ஒரு பிட் வித்தியாசம்கூட இல்லை. எது எது என்பது எண்ணில் எழுதப்படவில்லை; புரோகிராமர் அறிவித்த வகையில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

இப்போது `a > b` என்ற வரிக்கு வருவோம். ஒருபுறம் சைன்டு, மறுபுறம் அன்சைன்டு. ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் ஒரே வகைக்குக் கொண்டுவர வேண்டும் என்பது சி மொழியின் ஒழுங்கு. இரண்டும் ஒரே அகலம் என்றால் அன்சைன்டுதான் வெல்லும். குறியுள்ள எண், குறியற்ற எண்ணாக மாற்றப்படும். மாற்றும் முறையும் விதியில் திட்டவட்டமாக இருக்கிறது: கழித்தல் எண்ணோடு 4294967296-ஐக் கூட்டு. மைனஸ் ஒன்றோடு அதைக் கூட்டினால் 4294967295. அது ஒன்றைவிடப் பெரியதா? பெரியது. கணக்கு முடிந்தது.

இந்த விதி நேற்று வந்ததல்ல. பிரையன் கெர்னிகனும் டென்னிஸ் ரிட்சியும் 1978-இல் வெளியிட்ட சி மொழி நூலிலேயே, இரண்டில் ஒன்று அன்சைன்டு என்றால் மற்றதும் அன்சைன்டு ஆகும் என்ற விதி இருக்கிறது. 1989-இல் அமெரிக்கத் தர நிர்ணயக் குழு சி மொழிக்கு முறையான தரம் வகுத்தபோது இந்த இடத்தைப் பற்றி நிறையவே விவாதித்தது. `char`, `short` போன்ற சிறிய வகைகளுக்கு விதியைத் திருத்தியது: அவை முதலில் `int` ஆக வளர்ந்துவிடும். ஆகவே `unsigned char` வகையில் உள்ள ஒன்றோடு மைனஸ் ஒன்றை ஒப்பிட்டால் நாம் எதிர்பார்க்கும் விடையே கிடைக்கும். `int`, `unsigned int` இரண்டும் மோதும் இடத்தில் மட்டும் பழைய விதி அப்படியே நின்றுவிட்டது.

திருத்துவது எளிதும் அல்ல. சைன்டு பக்கம் மாற்றினால் 300 கோடி என்ற எண் கழித்தல் எண்ணாகத் தெரியும். அன்சைன்டு பக்கம் மாற்றினால் மைனஸ் ஒன்று 429 கோடியாகத் தெரியும். இரண்டு வகையில் எதுவும் மற்றதன் எல்லா எண்களையும் தாங்காது. கணிதப்படி சரியான விடை வேண்டுமானால், குறியுள்ள எண் பூஜ்ஜியத்துக்குக் கீழே இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, இல்லை என்றால்தான் ஒப்பிட வேண்டும். அந்தக் கூடுதல் சோதனையை சி மொழி தானாகச் செய்து தருவதில்லை.

பிராசசரிடம் கேட்டாலும் அதற்குத் தெரியாது என்பது இதில் சுவையான பகுதி. இன்டெல் வகைப் பிராசசரில் இரண்டு எண்களை ஒப்பிட `cmp` என்ற ஒரே கட்டளைதான். சைன்டோ அன்சைன்டோ, அது ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துப் பார்த்துச் சில குறிப்புகளை வைத்துவிட்டு நகர்ந்துவிடும். அடுத்த கட்டளையில்தான் பாதை பிரிகிறது. குறியுள்ள எண்களுக்கு `jg`, குறியற்றவற்றுக்கு `ja`. எதைப் போடுவது என்று கம்பைலர் வகையைப் பார்த்து முடிவு செய்கிறது. நமது புரோகிராமில் அது `ja`-வின் வழியில் போயிற்று. விடை தலைகீழானது ஒரே ஒரு கட்டளையால்.

இதுவரை பார்த்தது பாடப்புத்தக உதாரணம். யாரும் வேண்டுமென்றே மைனஸ் ஒன்றை அன்சைன்டு ஒன்றோடு ஒப்பிட மாட்டார்கள். உண்மையான புரோகிராம்களில் இந்த மோதல் இரண்டு பழைய பழக்கங்கள் சந்திக்கும் இடத்தில் நடக்கிறது. யூனிக்ஸ் மரபில், ஒரு வேலை தோற்றால் அதைச் செய்யும் ஃபங்ஷன் மைனஸ் ஒன்றைத் திருப்பி அனுப்பும். சி மரபில், ஒரு பொருளின் அளவைச் சொல்லும் `sizeof` எப்போதும் `size_t` என்ற குறியற்ற வகையில்தான் விடை தரும். தோல்வியையும் அளவையும் ஒரே வரியில் ஒப்பிட்டால் போதும், பொறி தயார்.

ஒரு கோப்பின் தொடக்கத்தில் 16 பைட் தலைப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதைப் படிக்கப் பலரும் எழுதும் வரிகள் இவை.

```c
struct header h;   /* 16 bytes */

if (read(fd, &h, sizeof h) < sizeof h)
    return -1;
```

படித்த பைட்டுகள் தலைப்பின் அளவைவிடக் குறைவு என்றால் பிழை என்று சொல்லித் திரும்பிவிடு. வாசிக்கும்போது குற்றம் சொல்ல எதுவும் தெரியவில்லை. எழுதியவர் சோதித்தும் பார்க்கிறார். நல்ல கோப்பைக் கொடுக்கிறார்: 16 பைட் வருகிறது, 16 என்பது 16-ஐவிடக் குறைவல்ல, மேலே போகிறது. பாதியில் அறுந்த கோப்பைக் கொடுக்கிறார்: 7 பைட் வருகிறது, பிடிபடுகிறது. காலியான கோப்பைக் கொடுக்கிறார்: பூஜ்ஜியம், அதுவும் பிடிபடுகிறது. மூன்று சோதனையிலும் தேர்ச்சி.

நான்காவது நிலைதான் யாரும் சோதிக்காதது. படிக்கும் முயற்சியே தோற்றால் `read` தருவது மைனஸ் ஒன்று. 64 பிட் லினக்ஸில் `sizeof h` 64 பிட் குறியற்ற எண். எனவே மைனஸ் ஒன்றும் 64 பிட் குறியற்ற எண்ணாகி 18446744073709551615 என்று நிற்கிறது. அது 16-ஐவிடக் குறைவா? இல்லை. ஆகவே பிழை இல்லை என்று புரோகிராம் முடிவு செய்து மேலே நடக்கிறது. பிடிக்கவே எழுதிய காவல், பிடிக்க வேண்டிய மிக மோசமான நிலையை மட்டும் உள்ளே விடுகிறது.

உள்ளே போன பிறகு என்ன ஆகும்? `h`-க்குள் எதுவும் படிக்கப்படவில்லை. அந்த நினைவக இடத்தில் இதற்கு முன் ஓடிய வேறு ஃபங்ஷன் விட்டுச்சென்ற மிச்சம் கிடக்கும். புரோகிராம் அதைத் தலைப்பு என்று நம்பி, அதிலிருந்து நீளத்தை எடுத்து, அந்த நீளத்துக்கு நினைவகம் கேட்கும். சில நாள் ஒன்றும் ஆகாது. சில நாள் விழுந்துவிடும். விழும் இடமோ இந்த வரியிலிருந்து வெகு தூரத்தில் இருக்கும் என்பதால் காரணம் தேடுபவர் இங்கே வந்து பார்க்கவே மாட்டார்.

இதை வீட்டிலேயே வரவழைத்துப் பார்க்க எளிய வழி உண்டு. லினக்ஸில் கோப்பின் பெயருக்குப் பதிலாக ஒரு அடைவின், அதாவது ஃபோல்டரின், பெயரைக் கொடுக்க வேண்டும். படிப்பதற்கு மட்டும் என்று கேட்டால் `open` அதைத் திறந்து கொடுத்துவிடும். `read` மட்டும் `EISDIR` என்ற பிழையோடு மைனஸ் ஒன்றைத் தரும். மேலே கண்ட சோதனை அதைப் பிடிக்கவில்லை என்பது உடனே தெரியும்.

திருத்தம் ஒரு வரிதான் கூடுதல்.

```c
ssize_t n = read(fd, &h, sizeof h);

if (n < 0 || (size_t)n < sizeof h)
    return -1;
```

முதலில் கழித்தல் எண்ணா என்று பார்க்கிறோம். இந்தச் சோதனையில் பூஜ்ஜியமும் சைன்டு, `n`-உம் சைன்டு, மோதல் இல்லை. அதைத் தாண்டிவிட்டால் `n` கழித்தல் எண்ணாக இருக்க வழியில்லை, அன்சைன்டாக மாற்றுவதில் ஆபத்தும் இல்லை. இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். அவசரத்தில் சிலர் `n < 0` என்ற பாதியை விட்டுவிட்டு `(size_t)n` என்ற மாற்றத்தை மட்டும் எழுதுவார்கள். அப்படிச் செய்தால் கம்பைலர் காட்டும் எச்சரிக்கை மறையும். பிழை அப்படியே இருக்கும். திருத்தாமல் விட்டதைவிட இது மோசம். அடுத்து வருபவருக்கு இருந்த ஒரே தடயத்தையும் அழித்துவிடுகிறது.

மைனஸ் ஒன்று எங்கிருந்தும் வராமலே இந்தப் பொறியில் விழவும் முடியும். எழுத்துச் சரத்தின் நீளம் சொல்லும் `strlen` தருவதும் `size_t` தான். `i < strlen(s) - 1` என்று ஒரு சுற்றை எழுதியவர், கடைசி எழுத்துக்கு முன்பு வரை போக வேண்டும் என்று நினைத்திருப்பார். சரம் காலியாக இருந்தால் பூஜ்ஜியத்திலிருந்து ஒன்று கழிகிறது. விடை மைனஸ் ஒன்றாக இல்லாமல் அதே 18446744073709551615 ஆகிறது. சுற்று நினைவகத்தின் எல்லை கடந்து ஓடிக்கொண்டே இருக்கும். `i + 1 < strlen(s)` என்று கழித்தலைக் கூட்டலாக மாற்றி எழுதினால் போதும்.

இதன் மறுபக்கமும் உண்டு. அது ஒப்பீட்டைச் சரியாகச் செய்துவிட்டுப் பிறகு சறுக்குவது. 2002 ஆகஸ்டில் ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளம் ஒரு பாதுகாப்பு அறிவிப்பை வெளியிட்டது. நெட்வொர்க் இணைப்பின் மறுமுனை யார் என்று கேட்க `getpeername` என்ற அழைப்பு இருக்கிறது. விடையை வைக்க எவ்வளவு இடம் இருக்கிறது என்பதைக் கேட்பவரே ஓர் எண்ணாகக் கொடுக்க வேண்டும். கர்னல் அந்த எண்ணைக் குறியுள்ளதாக எடுத்துக்கொண்டு, அது தன்னிடம் உள்ள தகவலின் நீளத்தைவிடப் பெரிதா என்று மட்டும் பார்த்தது. பெரிதாக இருந்தால் குறைத்துவிடும். ஒருவர் கழித்தல் எண்ணைக் கொடுத்தால்? கழித்தல் எண் சிறியதுதான். சோதனை தாராளமாக விட்டுவிட்டது. ஆனால் அடுத்த அடியில் தகவலை நகலெடுக்கும் பகுதி அதே எண்ணைக் குறியற்ற நீளமாக வாங்கிக்கொண்டது. அங்கே அது கோடிக்கணக்கான பைட்டுகள் என்று பொருள்பட்டது. விளைவாக, சாதாரணப் பயனர் ஒருவர் கர்னலின் நினைவகத்தில் பெரும் பகுதியைப் படித்துவிட முடிந்தது. கடவுச்சொற்கள் போன்றவை தற்செயலாகக் கிடக்கக்கூடிய இடம் அது. `accept`, `getsockname` ஆகிய அழைப்புகளிலும் இதே பிழை இருந்தது.

ஒரே எண் ஓரிடத்தில் மிகச் சிறியது, இரண்டு வரி தள்ளி மிகப் பெரியது. காவலாளி ஒரு வகையில் படிக்கிறார், உள்ளே இருப்பவர் இன்னொரு வகையில் படிக்கிறார்.

லினக்ஸ் கர்னலின் தலைவர் லைனஸ் டோர்வால்ட்ஸ் இந்தத் தொல்லையை 2001-இல் ஒரு மொழி மாற்றமாகவே எதிர்கொண்டார். இரண்டில் சிறியதைத் தரும் `min` என்ற மேக்ரோ கர்னல் முழுக்கப் பயன்பட்டு வந்தது. ஒரு பக்கம் சைன்டு நீளமும் மறுபக்கம் அன்சைன்டு அளவும் கொடுத்தால் அது எதைச் சிறியது என்று சொல்லும் என்பது பார்த்த மாத்திரத்தில் தெரியாது. 2.4.9 பதிப்பில் அவர் `min`-க்கு மூன்றாவதாக ஒன்றைக் கட்டாயமாக்கினார்: எந்த வகையில் ஒப்பிட வேண்டும் என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும். உலகம் முழுவதும் எல்லோரும் இரண்டு மதிப்புகளோடு எழுதும் `min`-ஐ இப்படி மாற்றியது டெவலப்பர்களிடையே பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. அடுத்த பதிப்பில் ஒரு நடுவழி வந்தது. `min` மீண்டும் இரண்டு மதிப்புகளுக்குத் திரும்பியது, ஆனால் இரண்டும் ஒரே வகையாக இல்லாவிட்டால் கம்பைலர் எச்சரிக்கும்படி அமைக்கப்பட்டது. வேறு வகைகளைத் தெரிந்தே ஒப்பிட விரும்புபவருக்கு, வகையையும் சேர்த்து எழுதும் `min_t` கிடைத்தது. எதிர்ப்பில் நியாயம் இருந்தது என்றாலும், மறைந்திருந்த ஒரு முடிவைக் கண்ணுக்குத் தெரியும் இடத்துக்குக் கொண்டுவந்த வகையில் டோர்வால்ட்ஸின் பிடிவாதம் சரியானதே.

அகலம் மாறினால் கதை இன்னும் சிக்கலாகிறது. `-1L < 1U` என்ற ஒப்பீட்டை எடுத்துக்கொள்ளலாம். இடப்புறம் `long`, வலப்புறம் `unsigned int`. 64 பிட் லினக்ஸில் `long` என்பது 64 பிட். 32 பிட் குறியற்ற எண்கள் அனைத்தையும் அது தாங்கும். எனவே ஒப்பீடு குறியுள்ள எண்களாகவே நடந்து, மைனஸ் ஒன்று சிறியது என்ற சரியான விடை வரும். 64 பிட் விண்டோஸில் `long` 32 பிட் மட்டுமே. அங்கே அன்சைன்டு வென்று, மைனஸ் ஒன்று பெரியதாகிவிடும். ஒரு எழுத்துகூட மாறாத வரி, இரண்டு இயங்குதளத்தில் இரண்டு விடை. லினக்ஸில் ஆண்டுக்கணக்கில் சரியாக ஓடிய புரோகிராமை விண்டோஸுக்குக் கொண்டுபோகும்போது இதுபோன்ற வரிகளைத் தேடிப் பார்ப்பது நல்லது.

பின்னால் வந்த மொழிகள் இந்த அனுபவத்திலிருந்து வெவ்வேறு முடிவுக்கு வந்தன. ஜாவாவின் `int` வகைக்குக் குறியற்ற ஜோடியே வைக்கப்படவில்லை. கோ, ரஸ்ட் ஆகிய மொழிகளில் குறியுள்ள மாறியையும் குறியற்ற மாறியையும் நேரடியாக ஒப்பிட்டால் புரோகிராம் தொகுக்கவே படாது. எந்த வகைக்கு மாற்றுவது என்று எழுதியே ஆக வேண்டும். சி++ மொழி தன் பழைய விதியை விட முடியாமல், 2020-ஆம் ஆண்டுத் தரத்தில் `std::cmp_less` போன்ற தனி ஃபங்ஷன்களைச் சேர்த்தது; அவை கணிதப்படி சரியான விடையைத் தரும். சி மொழிக்கு அந்த வசதியும் வரவில்லை. கார்களுக்குள் ஓடும் மென்பொருளுக்கென வகுக்கப்பட்ட மிஸ்ரா விதிகள், 2012 பதிப்பில், இத்தகைய கலப்பு ஒப்பீட்டையே 10.4 என்ற விதியின் கீழ் தடுக்கின்றன.

சி மொழியிலேயே எழுதுபவருக்கு இருக்கும் நல்ல துணை கம்பைலரின் எச்சரிக்கைதான். `gcc`-இல் அதன் பெயர் `-Wsign-compare`. சி++ புரோகிராம்களுக்கு அது `-Wall`-இலேயே அடங்கும். சி புரோகிராம்களுக்கு அடங்காது. `-Wall` என்ற பெயரைப் பார்த்து எல்லா எச்சரிக்கையும் வந்துவிட்டதாக நம்புபவர்கள் ஏமாறுவது இங்கேதான். சி-யில் `-Wextra` சேர்க்க வேண்டும்.

```
gcc -Wall -Wextra prog.c
```

அப்போது நமது முதல் புரோகிராமில் `if (a > b)` என்ற வரியைச் சுட்டிக்காட்டி, குறியில் வேறுபட்ட எண்கள் ஒப்பிடப்படுகின்றன என்று கம்பைலர் சொல்லும். `read`-ஐ `sizeof`-உடன் ஒப்பிட்ட வரியையும் அது பிடிக்கும். ஃப்ரீபிஎஸ்டி வகைப் பிழையை மட்டும் பிடிக்காது. அங்கே ஒப்பீட்டில் கலப்பு இல்லை, பிறகு நடந்த மாற்றத்தில்தான் கோளாறு. அதற்கு `-Wsign-conversion` என்று தனியாக ஒன்று உண்டு. பழைய பெரிய புரோகிராமில் அதைப் போட்டால் எச்சரிக்கைகள் மழையாகக் கொட்டும் என்பதால், வெளியிலிருந்து வரும் நீளங்களைக் கையாளும் கோப்புகளில் மட்டும் முதலில் ஓட்டிப் பார்ப்பது நடைமுறைக்கு உகந்தது.

சி-யில் எழுதிய புரோகிராம் உங்கள் கையில் ஏதேனும் இருந்தால் இன்றைக்கே `-Wextra` போட்டு ஒருமுறை தொகுத்துப் பாருங்கள். வரும் எச்சரிக்கைகளில், ஒரு ஃபங்ஷன் திருப்பித் தந்த எண்ணை `sizeof`-உடனோ `strlen`-உடனோ ஒப்பிடும் வரிகளை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஃபங்ஷன் தோற்றால் என்ன தரும் என்று அதன் கையேட்டில் பாருங்கள். மைனஸ் ஒன்று என்று எழுதியிருந்தால், ஒப்பீட்டுக்கு முன்னால் `n < 0` சோதனையைச் சேர்த்துவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள்.